கணக்கு வரிக்குச் சாட்சி யார்?

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பேரேட்டில், நூல் கொள்முதல் என்ற தலைப்பின் கீழ், ஜூன் 12-ஆம் தேதிக்கு நேராக ஒரு வரி இருக்கிறது: 1,30,000 ரூபாய். பக்கத்தில் நூற்பாலையின் பெயரும் ஒரு வவுச்சர் எண்ணும். அந்த வரியையே எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது உண்மையா என்று தெரியாது. கணக்கர் எழுதினார், அதனால் அது அங்கே இருக்கிறது. அவர் 1,80,000 என்று எழுதியிருந்தாலும் இதே இடத்தில் இதே தோரணையோடுதான் உட்கார்ந்திருக்கும்.

“ரெண்டு பக்கமும் டேலி ஆகுதே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு தொகையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொரு கணக்கில் வரவாகவும் ஏறுகிறது. 1,30,000 போட வேண்டிய இடத்தில் கொள்முதலில் 1,80,000 பற்று வைத்து, நூற்பாலையின் கணக்கிலும் அதையே வரவு வைத்தால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் நிற்கும். கூட்டல் பிழையையும், ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போன பதிவையும் இந்த முறை காட்டிக்கொடுக்கும். இரு பக்கமும் ஒரே அளவில் சொல்லப்பட்ட பொய்யை அதனால் கண்டுகொள்ள முடியாது.

இது சட்டத்துக்கும் எப்போதோ தெரியும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 34-ஆவது பிரிவாக இருந்து, இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 28-ஆவது பிரிவாகத் தொடரும் விதி இதைத்தான் பேசுகிறது. தொழிலில் முறையாக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் கவனத்தில் கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தலையில் பொறுப்பைக் கட்ட முடியாது. நியாயம்தானே? என் நோட்டில் உங்கள் பெயரை எழுதி, எதிரே ஒரு லட்சம் பாக்கி என்று நானே போட்டுக்கொண்டால் நீங்கள் கடன்காரர் ஆகிவிடுவீர்களா? கணக்குப் பதிவு என்பது எழுதியவரின் கூற்று. அதற்குச் சாட்சி வேறு எங்காவது, முடிந்தால் வேறொருவர் கையில் இருக்க வேண்டும்.

அந்தச் சாட்சி வரைக்கும் இடையில் அறுந்துபோகாமல் செல்லும் வழிக்குத்தான் தணிக்கைத் தடம் என்று பெயர். ஆண்டறிக்கையில் உள்ள ஒரு மொத்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு பேரேட்டுக்கும், அங்கிருந்து வவுச்சருக்கும், வவுச்சரிலிருந்து மூல ஆவணத்துக்கும் போக முடிய வேண்டும். ஆவணத்தில் தொடங்கி மேலே ஏறி வரவும் முடிய வேண்டும். பதிவை நடுவில் யாராவது மாற்றியிருந்தால் அந்த மாற்றத்துக்கும் தடம் இருக்க வேண்டும். அது பின்னால் வரும். முதலில் நம் நூல் கொள்முதலைப் பின்தொடர்வோம்.

வவுச்சர் எண்ணை வைத்து கோப்பை எடுத்தால் நூற்பாலையின் பில் இருக்கிறது. 500 கிலோ பருத்தி நூல், கிலோ 260 ரூபாய், ஆக 1,30,000. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 6,500; இரண்டும் தமிழ்நாட்டுக்குள் என்பதால் மத்திய வரி 3,250, மாநில வரி 3,250. மொத்தம் 1,36,500 ரூபாய். இந்த ஒரு பில்லிலிருந்து பேரேட்டில் நான்கு வரிகள் பிறந்திருக்கின்றன: கொள்முதலில் ஒன்று, உள்ளீட்டு வரிக் கணக்குகளில் இரண்டு, நூற்பாலையின் கணக்கில் ஒன்று. நான்கிலும் ஒரே வவுச்சர் எண் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பில் கிடைத்துவிட்டதே, வேலை முடிந்ததா என்றால் இல்லை. பில் என்பது விற்றவரின் கூற்று. இவ்வளவு அனுப்பினேன், இந்த விலைக்கு அனுப்பினேன் என்று அவர் சொல்கிறார். விலை சரியா என்று பார்க்க நிறுவனம் கொடுத்த கொள்முதல் ஆர்டரை எடுக்க வேண்டும். அதில் 260 ரூபாய் என்று இருக்கிறதா, கையெழுத்திட்டவருக்கு ஆர்டர் கொடுக்கும் அதிகாரம் உண்டா? சரக்கு வந்ததா என்று பார்க்க வாசலுக்குப் போக வேண்டும். அங்கே வாட்ச்மேன் எழுதும் இன்வேர்டு நோட்டில் லாரி எண், வந்த நேரம், மூட்டைகளின் எண்ணிக்கை இருக்கும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் போகும் சரக்குக்கு இ-வே பில் வேண்டும். ஆகவே இந்தச் சரக்குக்கு 12 இலக்க இ-வே பில் எண் ஒன்று அரசின் தளத்தில் பதிவாகியிருக்கும். அதில் உள்ள லாரி எண்ணும் வாட்ச்மேன் எழுதிய லாரி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்ச்மேன் கிறுக்கல் கையெழுத்தில் எழுதும் அந்த நோட்டு, கணினியில் அச்சிட்ட எந்த அறிக்கையை விடவும் பல நேரங்களில் கனமான சாட்சி. கணக்கில் என்ன லாபம் காட்ட வேண்டும் என்ற கவலை அவருக்குக் கிடையாது.

வாசலைத் தாண்டிய சரக்கு ஸ்டோருக்குப் போகிறது. இங்கேதான் ஒரு சங்கதி. பத்து மூட்டைகளில் ஒன்றின் லாட் எண் வேறாக இருக்கிறது. வெவ்வேறு லாட் நூலைக் கலந்து பின்னினால் சாயம் ஏற்றும்போது துணியில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும். எனவே ஸ்டோர்காரர் 450 கிலோவை ஏற்றுக்கொண்டு ஒரு மூட்டையை, அதாவது 50 கிலோவை, திருப்பி அனுப்பிவிட்டு வரவுச் சீட்டில் அப்படியே எழுதிவிட்டார். வெளியே போகும் பாஸ் போட்டாயிற்று. இப்போது கணக்குத்துறை நூற்பாலைக்கு ஒரு டெபிட் நோட் அனுப்ப வேண்டும்: சரக்கு 13,000, வரி 650, ஆக 13,650 ரூபாய். நூற்பாலை தன் பங்குக்கு ஒரு கிரெடிட் நோட் போடும். கட்ட வேண்டிய பாக்கி 1,22,850 ரூபாய். அது நெப்ட் வழியாகப் போனால் வங்கி ஒரு யூ.டி.ஆர். எண்ணைத் தரும். அந்த எண் வங்கிக் கணக்கு அறிக்கையிலும் வவுச்சரிலும் இருந்தால் தடம் முழுமையாகிறது.

இப்போது யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பில்லும் கிரெடிட் நோட்டும் நூற்பாலை எழுதியவை. இ-வே பில் அரசுத் தளத்தில் இருக்கிறது. வாசலில் வாட்ச்மேன், ஸ்டோரில் ஸ்டோர்காரர், பணம் போனதற்கு வங்கி. கணக்கர் எழுதியது பேரேட்டு வரி மட்டும். அவர் பொய் எழுத நினைத்தால் இத்தனை பேரையும் கூட்டுச் சேர்க்க வேண்டும், அல்லது இவர்கள் எழுதியதை யாரும் ஒப்பிட மாட்டார்கள் என்று நம்ப வேண்டும். நடைமுறையில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

நம் கதையிலேயே ஒரே ஒரு கண்ணியை எடுத்துப் பார்ப்போம். ஸ்டோர்காரரின் வரவுச் சீட்டு பில்லோடு சேராமல் அவர் மேஜையிலேயே தங்கிவிட்டது. கணக்கர் கையில் இருப்பது 1,36,500 ரூபாய் பில் மட்டும். அதைப் பதிவுசெய்கிறார், முழுத் தொகையையும் கட்டுகிறார். டெபிட் நோட் அனுப்பாததால் நூற்பாலை கிரெடிட் நோட் போடவில்லை. நூற்பாலை தாக்கல் செய்த கணக்கிலிருந்து உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையும் கணக்கரின் பதிவோடு அச்சாகப் பொருந்துகிறது. வங்கி அறிக்கை பொருந்துகிறது. நூற்பாலை பாக்கி சுழி. எல்லாம் டேலி. 13,650 ரூபாய் மட்டும் போயே போய்விட்டது. மார்ச் மாதம் இருப்பு எண்ணும்போது 50 கிலோ குறையும். பின்னலில் கழிவு என்பது எப்போதும் உண்டு என்பதால் அதையும் கழிவில் சேர்த்து மூடிவிடுவார்கள். இதில் திருடன் என்று ஒருவர் இருக்கத் தேவையே இல்லை. இருந்தால் அவருக்கும் இந்த வழி போதும்.

இதைத் தடுக்கும் வேலை மிகச் சாதாரணமானது. பில் வந்ததும் அதன்மேல் இன்வேர்டு எண்ணை எழுதி, ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றையும் சேர்த்துப் பின் அடித்த பிறகுதான் கணக்குக்குப் போக வேண்டும். மூன்றில் எந்த எண் முரண்பட்டாலும் பணம் நிற்கும். பதிவு போட்டதும் வவுச்சர் எண்ணைப் பில்லின்மேல் எழுத வேண்டும். பதிவின் விவரக் குறிப்பில் பில் எண், தேதி, இன்வேர்டு எண் மூன்றையும் தட்டச்ச வேண்டும். காகிதத்திலிருந்து பதிவுக்கும், பதிவிலிருந்து காகிதத்துக்கும் கைகாட்டி இருக்க வேண்டும் என்பதால்தான் இரண்டு இடத்திலும் எழுதுவது. பணம் கட்டியதும் பில்லின்மேல் ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று முத்திரை குத்துவதையும் விட்டுவிடக் கூடாது. முத்திரையில்லாத பில் ஒரு மாதம் கழித்து ஜெராக்ஸ் வடிவில் மறுபடி மேஜைக்கு வரும். அப்போது ஒரு கணக்கர் 0452 என்றும் இன்னொருவர் 452 என்றும் பில் எண்ணைத் தட்டச்சினால், மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு பில்கள். எச்சரிக்கை வராமலே இரண்டு முறை பணம் போகும்.

இதுவரை பார்த்தது வெளியாரிடமிருந்து காகிதம் வரும் பதிவுகள். பேரேட்டில் இன்னொரு வகை உண்டு. தேய்மானம், ஆண்டிறுதி ஒதுக்கீடு, ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுதல் போன்றவை. இவற்றுக்கு யாரும் பில் அனுப்ப மாட்டார்கள். நிறுவனத்துக்குள்ளேயே ஜர்னல் வவுச்சர் போட்டு முடிப்பார்கள். பெரிய மோசடிகள் விரும்பிக் குடியிருக்கும் இடம் இதுதான்.

அமெரிக்காவின் வேர்ல்டுகாம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சரியான பாடம். தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகள் மற்ற நிறுவனங்களின் கம்பிகள் வழியே போவதற்கு அது கட்டணம் செலுத்தி வந்தது. அது அந்தந்தக் காலாண்டின் செலவு. வருமானத்திலிருந்து உடனே கழிய வேண்டியது. வருமானம் சரிந்தபோது, காலாண்டு முடிந்த பிறகு மேலிடத்து உத்தரவின்பேரில் ஜர்னல் பதிவுகள் போட்டு இந்தச் செலவில் ஒரு பகுதியைச் சொத்துக் கணக்குக்கு மாற்றினார்கள். செலவு குறைந்தது, சொத்து கூடியது, லாபம் வந்தது. மற்ற தொலைபேசி நிறுவனங்கள் அனுப்பிய பில்கள் எல்லாம் உண்மையானவை. அவற்றைச் செலவிலிருந்து சொத்துக்குத் தூக்கிய பதிவுக்குத்தான் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

2002-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பர், மூலதனச் செலவுகளைச் சரிபார்க்கத் தொடங்கினார். ‘முன்கூட்டிச் செலுத்திய கொள்ளளவு’ என்ற ஒரு தலைப்பு வந்தது. அது என்ன என்று கேட்டால் யாருக்கும் விளக்கத் தெரியவில்லை. சொத்து வாங்கியிருந்தால் வாங்கும் அனுமதி இருக்க வேண்டும், ஆர்டர் இருக்க வேண்டும், விற்றவரின் பில் இருக்க வேண்டும், அந்தப் பொருள் எங்காவது தரையில் இருக்க வேண்டும். எதுவும் இல்லை. அவருடைய குழு, பதிவு போட்ட அதிகாரிகளிடம் ஒருவர் பின் ஒருவராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டது: இதற்கு ஆதாரம் எது? போட்டவர்கள் தங்களிடம் இல்லை என்றார்கள். கடைசியில் கன்ட்ரோலர் பதவியிலிருந்த டேவிட் மையர்ஸும் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். 2002 ஜூன் 25 அன்று, 380 கோடி டாலர் செலவு இப்படி மறைக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த மாதம் திவால் மனு. பின்னர் தவறான பதிவுகளின் மொத்தம் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. கணக்கியல் கோட்பாட்டில் நுணுக்கமான வாதங்கள் இந்த வழக்கில் நிறைய நடந்தன என்றாலும், குட்டு வெளிப்பட்டது எந்தக் கோட்பாட்டாலும் இல்லை. காகிதத்தைக் காட்டு என்று கேட்டதால்.

எனவே வெளியிலிருந்து பில் வராத பதிவுக்கும் மூல ஆவணம் வேண்டும். தேய்மானம் என்றால் எந்த இயந்திரம், என்ன விலை, எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்ட தாள். மாற்றுப் பதிவு என்றால் ஏன் மாற்றுகிறோம் என்ற குறிப்பும், பதிவு போடாத இன்னொருவரின் ஒப்புதலும். விவரக் குறிப்பில் ‘சரிக்கட்டல்’ என்று ஒற்றைச் சொல்லோடு முழு எண்ணாக ஒரு தொகை, அதுவும் மார்ச் 31 இரவில் ஏறியிருந்தால், அனுபவமுள்ள தணிக்கையாளர் முதலில் அதைத்தான் எடுப்பார்.

ஆவணம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில் ஆவணங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு நடந்த சி.பி.ஐ. விசாரணையில், செய்யாத வேலைக்குப் போட்ட 7,561 போலி இன்வாய்ஸ்கள் தெரியவந்தன. பில் போடும் மென்பொருளில் அவை மற்ற ஊழியர்களின் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருந்தன. விற்பனைப் பதிவுக்கு இன்வாய்ஸ் இருந்தது. வங்கி இருப்புக்கு வைப்புத்தொகை ரசீதுகளும் வங்கியின் பெயரில் கடிதங்களும் இருந்தன. பதிவிலிருந்து ஆவணத்துக்குப் போகும் தடம் ஓரிடத்திலும் அறுபடவில்லை.

ஆனால் அந்தத் தடம் முழுவதும் ஒரே வீட்டுக்குள் சுற்றி வந்தது. இன்வாய்ஸ் நிறுவனமே அச்சிட்டது. அதற்கு மேல் ஒரு படி போய், வாடிக்கையாளரின் ஆர்டர் எங்கே, வேலை முடிந்ததாக அவர் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்டிருந்தால் நின்றிருக்கும். வங்கிக் கடிதம் விஷயத்தில் தணிக்கை விதியே தெளிவாக இருக்கிறது: உறுதிக் கடிதத்தைத் தணிக்கையாளரே வங்கிக்கு நேராக அனுப்பி, பதிலையும் நேராகத் தானே பெற வேண்டும். நிறுவனம் வாங்கிக் கொடுத்த கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் சாட்சியைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே அழைத்து வந்த கதைதான். தடத்தின் கடைசிக் கண்ணி, பதிவு எழுதியவரின் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். நம் நூல் கணக்கில் வாட்ச்மேன் நோட்டையும் இ-வே பில்லையும் அவ்வளவு தூரம் பேசியது அதனால்தான்.

பதிவில் தொடங்கி ஆவணத்துக்குப் போவது இல்லாததை இருப்பதாகக் காட்டியதைப் பிடிக்கும். இருப்பதை இல்லாமல் ஆக்கியதை அது பிடிக்காது. பேரேட்டில் வராத ஒன்றைப் பேரேட்டிலிருந்து எப்படித் தேடுவது? அதற்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். இன்வேர்டு நோட்டை எடுத்து, மார்ச் கடைசி வாரம் வந்த ஒவ்வொரு லாரிக்கும் பேரேட்டில் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்ச் 29-இல் சரக்கு வந்து ஏப்ரல் 5-இல் பில் வந்தால் அந்தக் கடன் பழைய ஆண்டுக் கணக்கிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

பஞ்சாப் நேஷனல் வங்கியில் நழுவியது இதே திசையில்தான். மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, நீரவ் மோடியின் நிறுவனங்களுக்காக வெளிநாட்டுக் கிளைகளுக்குக் கடன் பொறுப்புறுதிக் கடிதங்கள் ஸ்விப்ட் வலைப்பின்னல் வழியே போய்க்கொண்டிருந்தன. ஸ்விப்ட் செய்தி உண்மையானது. அதை நம்பி வெளிநாட்டில் பணமும் கைமாறியது. ஆனால் ஸ்விப்ட் முனையமும் வங்கியின் மையக் கணக்கு மென்பொருளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கவில்லை. செய்தியை அனுப்பிவிட்டுக் கணக்கில் ஏற்றாமல் விட முடிந்தது. கணக்குப் புத்தகத்தை எடுத்து எத்தனை முறை தணிக்கை செய்தாலும் அங்கே அந்தக் கடனே இல்லை. போன செய்திகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கில் தேடியிருந்தால் முதல் நாளே அகப்பட்டிருக்கும். 2018 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்த சில நாட்களில், இரண்டு அமைப்புகளையும் ஏப்ரல் 30-க்குள் நேரடியாக இணைக்குமாறு ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது.

இனி மாற்றங்களின் தடம். கட்டுப் போட்ட பெரிய பேரேடுகளில் மையால் எழுதிய காலத்தில் ஒரு தொகையைத் திருத்தினால் அடித்த கோடு தெரியும். பக்கத்தைக் கிழித்தால் பக்க எண் குறையும். கணினியில் இரண்டும் இல்லை. ஜூன் 12-இல் போட்ட 1,30,000-ஐ அடுத்த ஏப்ரலில் ஒருவர் 1,80,000 ஆக்கினால் திரையில் ஜூன் 12, 1,80,000 என்று புத்தம் புதிதாகத் தெரியும். பழைய தொகை இருந்ததற்கே அடையாளம் கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 மார்ச்சில் மத்திய அரசு நிறுவனங்களின் கணக்கு விதிகளைத் திருத்தியது. நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான ஒவ்வொரு நிறுவனமும் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு பதிவிலும் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். அந்த வசதியை யாரும் அணைக்க முடியக் கூடாது. இருமுறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வசதி ஆண்டு முழுவதும் இயங்கியதா, யாரும் குலைத்தார்களா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். டேலி போன்ற மென்பொருள்களில் இப்போது ஒரு வவுச்சரைத் திறந்தால் முதலில் இருந்த தொகை, மாற்றிய தொகை, மாற்றிய பயனர் பெயர், நாள், நேரம் எல்லாவற்றையும் பார்க்கலாம். தனியுரிமைக் கடைகளையும் கூட்டாண்மைகளையும் இந்த விதி கட்டாயப்படுத்தவில்லை.

இந்தப் பதிவேடு தானாக எதையும் சரிசெய்துவிடும் என்று எண்ண வேண்டாம். பல அலுவலகங்களில் மூன்று கணக்கர்களும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில், மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய ஒரே கடவுச்சொல்லில் வேலை செய்கிறார்கள். அங்கே ஏப்ரலில் தொகையை மாற்றியவர் யார் என்று பார்த்தால், ‘அட்மின்’ என்றே வரும். இன்னொரு பொத்தல் கொஞ்சம் ஆழமானது. மென்பொருளின் திரை வழியாகச் செய்யும் மாற்றம்தான் பொதுவாகப் பதிவாகும். பின்னாலிருக்கும் தரவுத்தளத்தை நேரடியாகத் திறந்து எண்ணை மாற்றும் உரிமை உள்ள தொழில்நுட்ப ஊழியரின் வேலை பல அமைப்புகளில் பதிவாவதில்லை. விதி வந்த பிறகு வெளியான தணிக்கை அறிக்கைகள் பலவற்றில், தரவுத்தள மட்டத்தில் இந்த வசதி இயங்கவில்லை என்ற குறிப்பு இருப்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாளே தப்பாகப் போட்ட பதிவை யாரும் மாற்றவில்லை என்றால் மாற்றப் பதிவேடு சுத்தமாகத்தான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்க மூல ஆவணத்தைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாச் செலவுக்கும் பில் கிடைத்துவிடுவதும் இல்லை. சுமைக்கூலி, ஆட்டோ வாடகை, டீக்கடை. இவற்றுக்கு நிறுவனமே வவுச்சர் எழுதும்: யாருக்கு, எதற்கு, எந்தச் சரக்கு இறக்கிய கூலி, பெற்றவரின் கையெழுத்தும் கைப்பேசி எண்ணும். 5,000 ரூபாயைத் தாண்டினால் ரெவின்யூ ஸ்டாம்ப். சுமைக்கூலி வவுச்சரில் இன்வேர்டு எண்ணை எழுதிவிட்டால், வராத லாரிக்குக் கூலி போட முடியாது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்பதால், 9,800, 9,900 என்று அடுத்தடுத்த நாட்களில் ஒரே கையெழுத்து வரிசையாக வந்தால் அது ஒரே தொகையைத் துண்டு போட்டதுதான்.

நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்ரோல் பங்க்கிலும் உணவகத்திலும் தரும் வெப்ப அச்சு ரசீது அவ்வளவு நாள் தாங்காது. ஒரு கோடை கழிந்தாலே வெற்றுத் தாளாகிவிடும். அதை வாங்கிய அன்றே ஸ்கேன் செய்து வவுச்சரோடு இணைத்து, கோப்புக்குப் பெயராக வவுச்சர் எண்ணையே கொடுத்துவிடலாம். ‘புதிய கோப்பு 3’ என்ற பெயரில் சேமித்தால் ரசீது இருந்தும் எந்த வரிக்கு உரியது என்று தெரியாது.